தெரிந்த பாட்டு, தெரியாத இடைவெளி

சோளிங்கரில் 6, 7, 8 ஆம் வகுப்பு மாணவர்களுக்கு இசை கற்பிக்கிறேன். ஒரு வகுப்புக்கு வாரத்தில் ஒரு பாடவேளை கிடைக்கும். பிள்ளைகளில் பலருடைய பெற்றோர் ராணிப்பேட்டை, வாலாஜா பக்கம் உள்ள தோல், காலணித் தொழிற்சாலைகளுக்கு விடியற்காலையில் வண்டியேறிப் போகிறவர்கள். அந்த வீடுகளில் ஆர்மோனியம் இருக்காது. தனியாகப் பாட்டு வகுப்புக்கு அனுப்பவும் வசதி இருக்காது. ஆனால் பாட்டே தெரியாத பிள்ளை என்று ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. பிறந்தநாள் வாழ்த்து, மழலையர் பாட்டு, காலை வணக்கக் கூட்டத்தில் பாடும் பாட்டு என்று ஒவ்வொருவர் தலைக்குள்ளும் சில பாடல்கள் ஆழமாகப் பதிந்திருக்கின்றன.

கலைத் திருவிழாவுக்குக் குழுப்பாட்டு தயார் செய்யும்போது சிலரை நாம் ஓரமாக நிறுத்திவிடுகிறோம். "சுருதி சேரவில்லை" என்பது காரணம். அவர்களில் பலருக்குக் குரலில் குறை இல்லை. அடுத்த சுரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் காது அளந்து சொல்லாததால்தான் குரல் தவறான இடத்தில் போய் நிற்கிறது. இந்த அளக்கும் திறனைப் பயிற்சியால் வளர்க்கலாம். அதற்கான அளவுகோல், பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டின் தொடக்கம். அந்த அளவுகோல் எங்கே சரியாக அளக்கும், எங்கே ஏமாற்றும் என்பதையும் ஆசிரியர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இடைவெளியை எண்ணுவது எப்படி?

இரண்டு சுரங்களுக்கு இடையே உள்ள தூரமே இடைவெளி. கீபோர்டில் வெள்ளைக் கட்டை, கருப்புக் கட்டை இரண்டையும் விடாமல் எண்ணிக்கொண்டு போனால், ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குப் போவது ஒரு படி. சங்கராபரணத்தின் சுரங்களை வைத்துப் பார்த்தால் ச முதல் ரி வரை 2 படி, க வரை 4, ம வரை 5, ப வரை 7, மேல் ச வரை 12. மலைக்கோயில் படிகளை எண்ணிக்கொண்டே ஏறிப் பழகிய எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு "படி" என்ற சொல் உடனே பிடிபடுகிறது.

இங்கே ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். ச–ம இடைவெளி 5 படி. ப–மேல் ச இடைவெளியும் 5 படிதான். 7 படி ஏறி ப-வை அடைந்துவிட்டால், மேல் ச-வுக்கு மீதி இருப்பது 5 தானே? எண்ணிக்கையில் இரண்டும் ஒன்று. காதுக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்பதில்லை. வகுப்பில் வருகிற குழப்பத்தில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

ஆயிரம் ஆண்டு பழைய உத்தி

தெரிந்த பாட்டை வைத்துத் தெரியாத சுரத்தைக் கண்டுபிடிக்கும் உத்தி புதிதன்று. இத்தாலியின் அரெட்சோ நகரில் சிறுவர்களுக்குத் தேவாலயப் பாடல்கள் கற்பித்த குயிதோ என்ற துறவி, 1030 ஐ ஒட்டிய ஆண்டுகளில் மைக்கேல் என்ற சக துறவிக்கு எழுதிய கடிதத்தில் இதை விளக்குகிறார். ஒரு சுரத்தை நினைவில் நிறுத்த வேண்டுமானால், அந்தச் சுரத்தில் தொடங்கும் நன்கு தெரிந்த பாட்டு ஒன்றைப் பிடித்துக்கொள் என்பது அவருடைய யோசனை. இதற்காகப் புனித யோவான் மீதான ஒரு துதிப்பாடலை அவர் பயன்படுத்தினார். அதில் 6 சிறு தொடர்கள் உண்டு. ஒவ்வொரு தொடரும் முந்தைய தொடரைவிட ஒரு சுரம் மேலே தொடங்கும். அந்தத் தொடர்களின் முதல் அசைகளே உத், ரே, மி, ஃபா, சோல், லா என்ற சுரப்பெயர்கள் ஆயின. உத் பிற்காலத்தில் தோ என்று மாறியது.

குயிதோ சொன்னதைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று விளங்கும். "இது 5 படி, இது 7 படி" என்று அவர் பாட்டால் அளக்கவில்லை. சுரவரிசையில் இந்தச் சுரத்தின் இருக்கை எது என்பதைத்தான் பாட்டால் நினைவூட்டினார். இடைவெளியின் அளவோடு அதன் இருக்கையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பின்னணியில் ச ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும் நம் இசைக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

ஒரே பாட்டில் மூன்று தாவல்கள்

நான் முதலில் எடுத்துக்கொள்வது பிறந்தநாள் வாழ்த்துப் பாட்டு. எந்த மதத்து, எந்த மொழி பேசும் வீட்டுப் பிள்ளைக்கும் இது தெரியும். தோலும் காலணியும் தொழிலாக உள்ள நம் பகுதியில் தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் பேசும் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்காருவதால் இது பெரிய வசதி.

இந்தப் பாட்டு ச-வில் தொடங்குவதில்லை. கீழ் ப-வில் தொடங்குகிறது. முதல் வரியின் சுரங்கள்: ப ப த ப ச நி. இதில் ச நடு ஸ்தாயி, மற்றவை கீழ் ஸ்தாயி. இரண்டாம் வரி: ப ப த ப ரி ச. மூன்றாம் வரி கீழ் ப-விலிருந்து நேரே நடு ஸ்தாயி ப-வுக்குத் தாவி, அங்கிருந்து க, ச, நி, த என்று இறங்கும். நான்காம் வரி: ம ம க ச ரி ச.

முதல் மூன்று வரிகளும் அதே கீழ் ப-விலிருந்து மூன்று வெவ்வேறு உயரங்களுக்குத் தாவுகின்றன. முதல் வரியில் ப-விலிருந்து ச-வுக்கு 5 படி. இரண்டாம் வரியில் ப-விலிருந்து ரி-க்கு 7 படி. மூன்றாம் வரியில் ப-விலிருந்து ப-வுக்கு 12 படி. புறப்படும் இடம் மாறாமல் இறங்கும் இடம் மட்டும் மாறுவதால், மூன்றையும் ஒப்பிடுவது எளிது.

சுருதியை 4 கட்டையில் வையுங்கள். அப்போது கீழ் ப ஒரு கட்டைச் சுருதியின் ச இருக்கும் இடத்திலேயே வரும். பாட்டு முழுவதும் அங்கிருந்து ஒரு ஸ்தாயிக்குள் அடங்கும். இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கீழேயும் மேலேயும் திணறல் இருக்காது.

முதலில் பாட்டை முழுதாகச் சொற்களோடு பாட வையுங்கள். பிறகு ஒவ்வொரு வரியிலும் தாவல் வருகிற இடத்தில் நிறுத்துங்கள். தாவலின் இரண்டு சுரங்களை மட்டும் சொல் இல்லாமல், தாளம் இல்லாமல், ஒரே நீளத்தில் "ஆ" என்று பாடச் சொல்லுங்கள். சொல்லும் தாளமும் நீங்கிய பிறகு மிஞ்சுவதுதான் இடைவெளி. இந்தப் படிநிலையைத் தாண்டிப் போகக் கூடாது. சொற்களோடு மட்டும் பழகிய பிள்ளை, நீங்கள் கீபோர்டில் இரண்டு கட்டைகளை அழுத்தும்போது பாட்டை அடையாளம் காண மாட்டார்.

ச-வில் தொடங்கும் பாடல்கள்

அடுத்து, ச-வையே இருக்கையாகக் கொண்ட பாடல்கள் வேண்டும். "ட்விங்கிள் ட்விங்கிள்" மழலையர் பாட்டின் தொடக்கம் ச ச ப ப த த ப. ச–ப இடைவெளிக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு சுரமும் இரண்டிரண்டு முறை, அசைவு இல்லாமல் வருகின்றன.

இன்னொன்று நாட்டுப்பண். ரவீந்திரநாத் தாகூர் 1919 பிப்ரவரியில் அன்றைய சென்னை மாகாணத்தின் மதனப்பள்ளிக்கு வந்து தங்கியிருந்தபோது, அந்தக் கல்லூரியில் இருந்த மார்கரெட் கசின்ஸ் இதன் மெட்டுக்குச் சுரக் குறிப்பு எழுதினார். நம் ஊரிலிருந்து வடமேற்கே இருக்கும் ஊர் அது. நாட்டுப்பண்ணின் முதல் வரி ச-வில் தொடங்கி, ரி வழியாக க-வுக்கு ஏறி, அங்கேயே நெடுநேரம் நின்று, க ரி க ம என்று முடிகிறது. முதல் இரண்டு சுரங்கள் ச–ரி, 2 படி. கடைசி இரண்டு சுரங்கள் க–ம, ஒரே படி. முதல் சுரத்தையும் கடைசிச் சுரத்தையும் சேர்த்தால் ச–ம, 5 படி.

நாட்டுப்பண்ணைத் துண்டு துண்டாகப் பாடிப் பயிற்சி செய்ய வைப்பது பொருத்தமன்று. அதற்குரிய மரியாதையோடு 52 வினாடிகளில் முழுமையாகப் பாட வேண்டிய பாடல் அது. அதனால் நான் வகுப்பில் அதைப் பாட வைப்பதில்லை. "காலையில் பாடியதை வாய் திறக்காமல் மனத்துக்குள் நினைத்துப் பாருங்கள், முதல் வரி எந்தச் சுரத்தில் முடிந்தது?" என்று கேட்கிறேன். விடையை ச, ம என்ற சுரப்பெயர்களில் மட்டும் பாடுகிறார்கள். ஒலி எழுப்பாமல் மனத்துக்குள் பாட்டை ஓட்டிப் பார்ப்பதும் காதுப் பயிற்சிக்கு மிகவும் தேவையான ஒன்றுதான்.

தமிழ்த்தாய் வாழ்த்தும் தினமும் பாடுவதுதானே என்று கேட்கலாம். எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டமைத்த அப்பாடல் மோகன ராகம். மோகனத்தில் ம, நி இரண்டும் கிடையாது. அடுத்தடுத்த சுரங்களுக்கு இடையே 2 படி அல்லது 3 படி இருக்கும். ஒரு படி இடைவெளி வராது. எனவே க–ம போன்ற நெருக்கத்தைக் காட்ட அதைப் பயன்படுத்த முடியாது. மாறாக, "காலையில் பாடும் இரண்டு பாடல்களில் எதில் ஒரு படி நெருக்கம் வருகிறது?" என்று கேட்டால், அதுவே நல்ல ஒப்பீட்டுப் பயிற்சியாகிவிடும்.

ம-வை ப என்று சொன்ன மாணவி

7 ஆம் வகுப்பு மாணவி ஒருவர். "எனக்குப் பாட்டு வராது சார்" என்று தானே சொல்லிக்கொண்டு குழுப்பாட்டில் பின்வரிசையில் வாயசைத்துக்கொண்டிருந்தவர். பிறந்தநாள் பாட்டின் மூன்று தாவல்களையும் சரியாகப் பாடினார். ட்விங்கிள் பாட்டின் ச–ப தாவலும் சரி. ஆனால் சுருதிப் பெட்டியை ஒலிக்கவிட்டு ச–ம வாசித்தால், ஒவ்வொரு முறையும் "ச–ப" என்றே சொன்னார். பிறந்தநாள் பாட்டின் முதல் தாவலும் 5 படி, இதுவும் 5 படி. அதைச் சரியாகப் பாடுகிறவர் இதை ஏன் தவற விடுகிறார்?

காரணம் இருக்கையில் இருக்கிறது. பிறந்தநாள் பாட்டின் முதல் தாவலில் மேல் சுரம்தான் ச. தாவிப் போய் வீட்டுக்குள் இறங்குவது போல அது அமைதியாக முடியும். ச–ம இடைவெளியில் கீழ்ச் சுரம்தான் வீடு. மேல் சுரம் வெளியே நிற்கிறது. அந்த மாணவிக்குத் தெரிந்தவற்றில் "கீழே வீடு, மேலே ஒரு பெரிய தாவல்" என்ற அமைப்பில் இருந்த ஒரே பாட்டு ட்விங்கிள். அதனால் அவர் காது படிகளை அளக்காமல் அமைப்பை மட்டும் பார்த்து ப என்று முடிவு செய்தது.

இதைச் சரிசெய்ய நான்கு காரியங்கள் செய்தோம்.

முதலில் சுருதிப் பெட்டியை நிறுத்தினேன். அதே ச, ம கட்டைகளை வாசித்து, கீழ்ச் சுரத்திலிருந்து பிறந்தநாள் பாட்டைத் தொடங்கச் சொன்னேன். தாவல் நேராக ம கட்டையில் போய் உட்கார்ந்தது. அவர் வியப்போடு பார்த்தார்.

இரண்டாவதாக, சுருதிப் பெட்டியை அந்த ம-வின் உயரத்துக்கு ஏற்றி ஒலிக்கவிட்டு அதே இரண்டு கட்டைகளை வாசித்தேன். "பிறந்தநாள் பாட்டு" என்று உடனே சொன்னார். பிறகு சுருதியைப் பழையபடி ச-வுக்குக் கொண்டுவந்து மறுபடி வாசித்தேன். கட்டைகள் மாறவில்லை, கேட்கும் உணர்வு மாறியது. இதை விளக்கிச் சொல்வதைவிடக் கேட்க வைப்பதே போதும்.

மூன்றாவதாக, ச–ம என்ற இருக்கைக்கே உரிய வேறோர் அடையாளம் கொடுத்தேன். அதுதான் நாட்டுப்பண்ணின் முதல் வரியின் முதல் சுரமும் கடைசிச் சுரமும்.

நான்காவதாக, சந்தேகம் வந்தால் சரிபார்க்க ஒரு வழி. மேல் சுரத்தைப் பாடிவிட்டு, பிறந்தநாள் பாட்டின் கடைசி வரியை அந்தச் சுரத்திலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும். அந்த வரி ம ம க என்று தொடங்கி ச-வில் முடிகிறது. நீங்கள் பாடிய மேல் சுரம் ம-வாக இருந்தால், வரியின் முடிவு சுருதிப் பெட்டியின் ச-வோடு ஒட்டிக்கொள்ளும். அது ப-வாக இருந்தால் முடிவு ச-வுக்கு 2 படி மேலே, ரி-யில் போய் நின்று சுருதியோடு உரசும். பாடுகிறவரே தன் விடையைத் திருத்திக்கொள்ள முடிவதுதான் இதன் சிறப்பு. இரண்டு பாடவேளைகளுக்குப் பிறகு அந்த மாணவி தயங்கினாலும் தானே சரிபார்த்து விடை சொல்லத் தொடங்கினார். இப்போது குழுப்பாட்டில் இரண்டாம் வரிசையில் நிற்கிறார், வாயசைப்பதில்லை, பாடுகிறார்.

வகுப்பில் செய்யும் முறை

பாடவேளையின் முதல் 10 நிமிடம் போதும். ஒரு வாரத்தில் இரண்டு இடைவெளிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் ச–ப, ப–மேல் ச. அடுத்த வாரம் ச–ரி, க–ம. ச–ம கடைசியில் வரட்டும்.

வாசித்த உடனே பெயர் கேட்காதீர்கள். வரிசை இப்படி இருக்கட்டும்: கேட்பது, இரண்டு சுரத்தையும் "ஆ" என்று பாடுவது, எந்தப் பாட்டின் தொடக்கம் என்று மனத்துக்குள் தேடுவது, அதன் பிறகு பெயர் சொல்வது. பாடாமல் பெயர் சொல்கிற பிள்ளை பெரும்பாலும் ஊகிக்கிறார். விடை சரியாக இருந்தாலும் பாடச் சொல்லுங்கள்.

ஐந்தாறு முறைக்கு ஒரு முறை தொடக்கக் கட்டையை மாற்றுங்கள். ஒரே இடத்தில் வாசித்துக்கொண்டிருந்தால் பிள்ளைகள் இடைவெளியை விட்டுவிட்டு அந்த ஒலியின் உயரத்தை நினைவில் வைத்துக்கொள்வார்கள். கட்டையை மாற்றியதும் விடைகள் திடீரெனத் தவறினால் அதுதான் நடந்திருக்கிறது என்று பொருள்.

ஏறும் இடைவெளி தெரிந்தால் இறங்கும் இடைவெளியும் தெரியும் என்று எண்ண வேண்டாம். அதற்குத் தனி அடையாளம் வேண்டும். பிறந்தநாள் பாட்டின் மூன்றாம் வரியில் உச்சிக்குப் போன பிறகு ப-விலிருந்து க-வுக்கு 3 படி, க-விலிருந்து ச-வுக்கு 4 படி என்று இறங்குகிறது. இறங்கும் சிறிய இடைவெளிகள் இரண்டுக்கும் இதையே பயன்படுத்தலாம்.

எந்தப் பாட்டை எடுக்கக் கூடாது?

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பாட்டு என்பதற்காக ஒன்றை அளவுகோலாக எடுத்துவிட முடியாது. தொடக்கச் சுரங்கள் அசைவோடு வரும் பாட்டு பயன்படாது. தோடியின் க போன்ற சுரங்கள் கமகத்தோடு அசைந்துகொண்டே இருப்பதால், அது எந்தப் படியில் நிற்கிறது என்று காதால் குறித்துக்கொள்ள முடியாது. கர்நாடக இசை கற்ற பிள்ளைகள் இருந்தால் மோகன கீதமான "வரவீணா" பொருந்தும். அது க க ப ப என்று நேராகத் தொடங்குகிறது. ஏறும் 3 படி இடைவெளிக்கு நல்ல அடையாளம்.

ஆளுக்கு ஒரு விதமாகப் பாடப்படும் தாலாட்டு, நாட்டுப்புறப் பாடல்களிலும் கவனம் வேண்டும். ஒரே வகுப்பில் இரண்டு பிள்ளைகள் இரண்டு மெட்டில் பாடினால் அளவுகோல் இரண்டாகிவிடும். அப்பாடல்களை அந்தந்தப் பிள்ளையின் சொந்த அடையாளமாக வைத்துக்கொள்ளச் சொல்லலாம். ஆனால் அவர் பாடுவதைக் கேட்டு, கீபோர்டில் படிகளை எண்ணிச் சரிபார்த்த பிறகே அதை அவருடைய குறிப்பேட்டில் எழுத வேண்டும். இப்படி ஒவ்வொருவரும் இடைவெளி, பாட்டு, இருக்கை என்ற மூன்று பத்திகள் கொண்ட ஒரு பக்கத்தைத் தயாரிக்கலாம். இருக்கைக்கான பத்தியில் "ச–ம", "ப–ச" என்று தவறாமல் எழுதச் சொல்லுங்கள். "5 படி" என்று மட்டும் எழுதியிருந்தால் மேலே சொன்ன குழப்பம் திரும்ப வரும்.

இந்த உத்திக்கு ஒரு வரம்பும் உண்டு. பாட்டைத் தேடிப் பிடிக்கச் சில வினாடிகள் ஆகும். தனித்தனி இணைகளை வாசிக்கும்போது அந்த நேரம் கிடைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பாட்டின் நடுவே கிடைக்காது. எனவே ஓர் இடைவெளி தேடாமலே பிடிபடத் தொடங்கியதும், அதற்குரிய பாட்டைக் கைவிடச் சொல்லிவிட்டு, பாடிவிட்டு உடனே சுரப்பெயர் சொல்ல வையுங்கள். தயங்கினால் மட்டும் பாட்டுக்குத் திரும்பலாம். குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தில், பாட்டின் துணை இனித் தேவைப்படாத வரிகளைப் பிள்ளைகளே பென்சிலால் கோடிட்டுக்கொள்கிறார்கள். யாருக்கு எந்த வரி இன்னும் கோடிடப்படாமல் இருக்கிறது என்று பார்த்தால், அடுத்த வாரம் எந்த இரண்டு இடைவெளிகளை வாசிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது.